முதல் ஒன்றரை விநாடியில் பாட்டைப் பிடிப்பது எப்படி? முன்னிசைச் சுற்றுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சினிமா பாட்டு வினாடி வினாவில், பாட்டின் தொடக்க இசையை மட்டும் போட்டுப் பெயர் கேட்கும் முன்னிசைச் சுற்று வந்ததும் பலர் மெட்டு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் பக்கத்து அணி பஸ்ஸரை அழுத்திவிடும். ஒன்றரை விநாடியில் மெட்டு என்று சொல்லும்படி எதுவும் வந்திருக்காது. நடுத்தர வேகத்தில் போகும் பாட்டில் மூன்று நான்கு ஸ்வரங்கள் வந்தாலே பெரிது. முந்துகிறவர்கள் ஸ்வரங்களை எண்ணுவதில்லை. அந்த ஒலிப்பதிவின் குரலைக் கேட்கிறார்கள். என்ன கருவி, எப்படி மீட்டப்பட்டது, எவ்வளவு எதிரொலி, எந்தக் காலத்து ஸ்டுடியோ என்பதெல்லாம் கலந்த ஒட்டுமொத்த ஓசை அது. போனில் ‘ஹலோ’ என்றதுமே பேசுவது யாரென்று தெரிந்துவிடுகிறதே, அந்த மாதிரிதான்.

இதற்கு உலகறிந்த உதாரணம் பீட்டில்ஸ் குழுவின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’. 1964இல் வந்த அந்தப் பாட்டு, பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் ஒரே ஒரு கார்டில் தொடங்குகிறது. 12 கம்பி கிட்டாரும் மற்றக் கருவிகளும் சேர்ந்து ஒரே அடியாக அடித்து அதிரவிடுகின்றன. அதில் மெட்டும் இல்லை, தாளமும் இல்லை. இருந்தும் கால் விநாடியில் பெயர் சொல்கிறவர்கள் எத்தனையோ பேர். அதே கார்டைச் சாதாரணக் கீபோர்டில் வாசித்தால் அவர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. இசை உளவியலாளர் கரோல் க்ரும்ஹான்ஸல் 2010இல் வெளியிட்ட ஆய்வில் பிரபலமான பாடல்களிலிருந்து 400 மில்லி விநாடித் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். அரை விநாடிகூட இல்லாத அந்தத் துண்டுகளில் கால்வாசிக்கு மேல் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் சரியாக வந்தன. பெயர் வராத இடங்களில்கூட எந்தப் பத்தாண்டு, எந்த வகை இசை என்பதை ஓரளவு சொல்ல முடிந்தது. அதற்கு முன்பே, 1999இல், க்ளென் ஷெல்லன்பெர்க்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் 100 மில்லி விநாடித் துண்டுகளை வைத்துச் சோதித்திருந்தார்கள். முழுப் பெயரைக் கேட்கவில்லை, சில பாடல்களின் பட்டியலைக் கொடுத்து எது என்று பொருத்தச் சொன்னார்கள். குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே பொருத்தினார்கள். ஒலியின் மேல்பகுதியை, அதாவது ‘ட்ரெபிள்’ பகுதியை, நீக்கியதும் தடுமாறினார்கள். கீழ்ப்பகுதியை, அதாவது ‘பேஸ்’ பகுதியை, நீக்கியபோது அந்த அளவுக்குப் பாதிப்பில்லை.

போட்டி அரங்கில் உட்காரும் இடத்தையே இந்தக் கடைசி விஷயம் தீர்மானிக்க வேண்டும். பேஸ் ஓசை சுவர் மூலைக்கும் பரவும். ட்ரெபிள் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில்தான் நேராகப் போகும், பக்கவாட்டில் சட்டென்று மங்கிவிடும். அணி மேஜை ஸ்பீக்கருக்குப் பின்னாலோ ஓரத்திலோ இருந்தால் முதல் பாதி விநாடியின் முக்கியமான தகவலே உங்களுக்கு வந்து சேராது. ஆரம்பிக்கும் முன் ஒரு மாதிரித் துண்டைப் போடச் சொல்லிக் கேளுங்கள். ட்ரம்ஸில் உள்ள ஹை-ஹாட் தட்டின் ‘ச்ச்’ ஓசையோ தாம்பூரினின் சலங்கைச் சத்தமோ தெளிவாகக் கேட்கவில்லை என்றால் நாற்காலியை நகர்த்த வேண்டிய நேரம் அது. மின்விசிறிக்கு நேர்கீழே உட்காருவதும் இதே காரணத்தால் நஷ்டம்.

முதலில் தெரிய வேண்டியது: போடப்போவது ஒலிப்பதிவா, வாசிப்பா?

சுற்றின் விதியைச் சொல்லும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். அசல் ஒலிப்பதிவு என்றால் கீழே வரும் முறை முழுக்கப் பொருந்தும். கீபோர்டிலோ புல்லாங்குழலிலோ யாராவது வாசிக்கப் போகிறார்கள் என்றால் ஓசையை வைத்துப் பிடிக்கும் வித்தை செல்லாது. அங்கே மெட்டும் தாள நடையும்தான் துணை. அதற்கு ஐந்தாறு ஸ்வரங்களாவது வேண்டும். முதல் விநாடியில் பஸ்ஸரை அழுத்துவது அங்கே வெறும் சூதாட்டம்.

அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘நேம் தட் ட்யூன்’ நிகழ்ச்சியில் ‘ஒரே ஸ்வரத்தில் சொல்கிறேன்’ என்று போட்டியாளர் பந்தயம் கட்டுவாரே என்று கேட்கலாம். அந்தச் சுற்றில் பாட்டைப் பற்றி ஒரு குறிப்பை முதலில் வாசித்துவிடுவார்கள். வேலையில் பெரும்பங்கை அந்தக் குறிப்பே முடித்துவிடும். பியானோவில் வரும் ஒற்றை ஸ்வரத்தை மட்டும் வைத்து யாரும் பாட்டைச் சொல்லிவிட முடியாது.

முதல் அரை விநாடி: காலம், கருவி, எடுப்பு

துண்டு தொடங்கியதும் காதில் விழுவதை இந்த வரிசையில் பிரிக்கப் பழக வேண்டும். பழகிய பிறகு தனித்தனியாக யோசிக்கத் தேவையில்லை, தானாக நடந்துவிடும்.

முதலில் காலம். தமிழ் சினிமா இசைக்கு இது பெரிய வடிகட்டி. ஐம்பது, அறுபதுகளின் பதிவுகளில் ஒலி ஒற்றைத் தடமாக, நடுவிலிருந்து வரும். மேலும் கீழும் வெட்டினாற்போல் குறுகலாக இருக்கும். பாட்டு தொடங்கும் முன்பே ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கும். வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்த காற்று அதில் இருக்கும். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து பதிவு இடமும் வலமுமாக விரிகிறது. பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கத் தொடங்குகிறது. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ காலத்தில் கணினி வழி வாசித்த தாளம் நுழைகிறது. அடிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி மனிதக் கைக்கு வராத அளவுக்குச் சமமாக இருப்பதே அதன் அடையாளம். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு அடிமட்ட ஓசை ஆழமாகிறது, இரைச்சல் காணாமல் போகிறது, மௌனம் உண்மையிலேயே மௌனமாகிறது. பாட்டு தொடங்கும் முன் வரும் அந்த நூலிழை நேரம் சுத்தமாக இருக்கிறதா, இரைகிறதா என்று கேட்டாலே பாதிப் பாடல்களைக் கழித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. இப்போது பழைய பாடல்களைச் சுத்தம் செய்து மறுவெளியீடு செய்கிறார்கள். இரைச்சலை மட்டும் நம்பினால் அவற்றில் ஏமாந்துபோவீர்கள். இரைச்சலைத் துடைக்கலாம், ஆனால் ஒரே அறையில் பதிந்த எதிரொலியைத் துடைப்பது கடினம். ஆகவே சந்தேகம் வந்தால் எதிரொலி சொல்வதை நம்புங்கள்.

அடுத்தது கருவி. கருவியின் பெயர் மட்டும் போதாது. கிட்டார் என்றால் நைலான் கம்பியா, இரும்புக் கம்பியா? விரலால் ஒவ்வொரு கம்பியாக மீட்டுகிறாரா, மொத்தமாக வருடுகிறாரா? வயலின் என்றால் ஒருவரா, கூட்டமா? கருவியின் அடையாளம் பெரும்பாலும் ஓசை எழும் முதல் சில மில்லி விநாடிகளில் இருக்கிறது. அந்தத் தொடக்க நுனியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்டால் நன்கு தெரிந்த கருவிகளைக்கூட மாற்றிச் சொல்லிவிடுவோம்.

மூன்றாவது எடுப்பு. பாட்டு தாளத்தின் முதல் அடியில் தொடங்குகிறதா, அரை அடி தள்ளித் தொடங்குகிறதா, தாளமே இல்லாமல் தொடங்குகிறதா? பேச்சோடு தொடங்கும் பாடல்கள் இதில் தனிக்கூட்டம். 1991இல் வந்த ‘குணா’வின் ‘கண்மணி அன்போடு’, 2011 நவம்பரில் வெளியாகி உலகைச் சுற்றிய ‘ஒய் திஸ் கொலவெறி’ போன்றவை. இவற்றைத் தனிப் பட்டியலாக வைத்திருங்கள். பேச்சுக் குரல் கேட்ட மாத்திரத்தில் தேட வேண்டிய இடம் ஆயிரம் பாட்டிலிருந்து சில பத்துக்குச் சுருங்கிவிடும்.

சுருதி உங்களுக்கும் தெரியும்

‘எனக்குச் சங்கீத ஞானம் இல்லை, சுருதியெல்லாம் பிடிபடாது’ என்று பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. டேனியல் லெவிட்டின் 1994இல் ஒரு ஆய்வில் சாதாரண மாணவர்களைத் தங்களுக்குப் பிடித்த பாப் பாடல்களை நினைவிலிருந்து பாடச் சொன்னார். 40 சதவீதம் பேர் இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது அசல் பதிவின் சுருதியிலேயே தொடங்கினார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சுருதியின் பெயர் தெரியாது. பலமுறை கேட்ட பதிவின் உயரம் நினைவில் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரே கருவியில் தொடங்கும் இரண்டு பாடல்களைப் பிரிக்க இது உதவும்.

ஆனால் நீங்கள் கேட்டுப் பழகிய பதிவு சரியான வேகத்தில் ஓடியிருக்க வேண்டும். விநாடிக்கு 24 பிரேம்களில் எடுத்த படத்தை 25 பிரேம்களில் ஓட்டும் பழைய டிவிடிகளில் பாட்டு நான்கு சதவீதம் வேகமாகும், சுருதியும் அரைஸ்வரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். பதிப்புரிமைச் சோதனையிலிருந்து தப்ப, இணையத்தில் பாட்டை ஏற்றுபவர்கள் சுருதியைக் கொஞ்சம் மாற்றிவிடுவதும் உண்டு. படக்காட்சியிலிருந்து எடுத்த பாட்டில் முன்னால் வசனமோ ரயில் சத்தமோ ஒட்டிக்கொண்டிருக்கும். வினா தயாரிப்பவர் பெரும்பாலும் இசைத்தட்டுப் பதிவைத்தான் வெட்டுவார். பயிற்சியும் அதில்தான் இருக்க வேண்டும்.

ஒரு சிக்கலைப் பிரித்துப் பார்ப்போம்: மூன்று கிட்டார்கள்

1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ கிட்டாரில் தொடங்குகிறது. 1980இல் வந்த ‘மூடுபனி’யின் ‘என் இனிய பொன் நிலாவே’யும் கிட்டாரில்தான் தொடங்குகிறது. இரண்டுக்கும் இசை இளையராஜா, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம், பல்லவியிலும் நிலா. போதாததற்கு ‘இளைய நிலா’வின் மெட்டு 1983இல் ‘கலாகார்’ என்ற இந்திப் படத்தில் ‘நீலே நீலே அம்பர் பர்’ ஆனது. அதுவும் கிட்டாரில் தொடங்குகிறது. வினா தயாரிப்பவருக்கு இதைவிட நல்ல பொறி கிடைக்காது.

தமிழ் ஜோடியில் தவறு நடப்பது நினைவில் ‘இளையராஜா, கிட்டார், நிலா’ என்று ஒரே பெட்டியில் இரண்டையும் போட்டு வைப்பதால். கிட்டார் கேட்கிறது, பெட்டி திறக்கிறது, கைக்கு முதலில் வந்த பெயர் வாயில் வந்துவிடுகிறது. ‘இளைய நிலா’வில் கம்பிகளைத் தனித்தனியாக மீட்டி ஓடும் ஓட்டம் முதல் விநாடியிலேயே தொடங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ‘அந்த ஓட்டம் இல்லாதது’ என்று பதிய வைத்தாலே ஜோடி பிரிந்துவிடும்.

இந்திப் பதிப்பு வேறு மாதிரிச் சிக்கல். மெட்டை வைத்துக் கேட்பவருக்கு அது ‘இளைய நிலா’தான். ஓசையை வைத்துக் கேட்பவருக்கு அது வேறு ஸ்டுடியோ, வேறு கலவை. இரண்டு துண்டுகளையும் அடுத்தடுத்து பத்துப் பதினைந்து முறை போட்டு மூன்றே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மீட்டு எவ்வளவு கூர்மை? ஓசை எவ்வளவு நேரம் அறையில் தங்குகிறது? கிட்டாருக்கு அடியில் வேறு ஏதாவது ஒலிக்கிறதா? உங்கள் காதுக்கு எது முதலில் வித்தியாசமாகப் படுகிறதோ அதை ஒரே வார்த்தையில் எழுதி வையுங்கள். ‘மொட்டை’, ‘ஈரம்’, ‘கண்ணாடி’ என்று எதுவாகவும் இருக்கலாம். அடுத்தவருக்குப் புரிய வேண்டிய அவசியமில்லை.

ஓசையாலும் தீர்க்க முடியாத ஒரு வகை உண்டு. ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’க்குத் தமிழிலும் இந்தியிலும் பின்னணி ஒன்றுதான், குரல் தடம் மட்டும் மாறும். முன்னிசையில் மொழி தெரியாது. இங்கே சுற்றின் தலைப்பையும் மற்றக் கேள்விகளின் போக்கையும் பார்த்துத்தான் மொழியை முடிவு செய்ய வேண்டும். இரண்டு பெயரையும் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா என்பதைச் சுற்று தொடங்கும் முன்பே கேட்டு வைப்பது நல்லது.

தெரிந்த உணர்வும் பெயரும் ஒரே நேரத்தில் வராது

‘இது தெரியும்’ என்ற உணர்வு முதலில் வரும், பெயர் பிறகு வரும். நன்கு பழகிய பாட்டைக் கேட்டால் கண்பாவையில் முதல் 300 மில்லி விநாடிக்குள்ளேயும், மூளை அலையில் சுமார் 350 மில்லி விநாடியிலிருந்தும் வேறுபாடு தெரிவதாக லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். பெயர் நாக்குக்கு வர ஒரு விநாடியோ நான்கு விநாடியோ ஆகலாம். அனுபவசாலிகள் உணர்வு வந்ததும் அழுத்திவிட்டு, பதில் சொல்லக் கிடைக்கும் அவகாசத்தில் பெயரைத் தேடுகிறார்கள்.

இது எல்லோருக்கும் ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே அளந்துவிடலாம். 20 துண்டுகளைப் போட்டு, உணர்வு வந்ததும் மேஜையைத் தட்டுங்கள். உடன் இருப்பவர் அங்கிருந்து ஐந்து விநாடி எண்ணட்டும். தட்டியவற்றில் எத்தனைக்குச் சரியான பெயர் அதற்குள் வந்தது? அதைப் போட்டியின் மதிப்பெண்ணோடு வைத்துப் பாருங்கள். சரிக்கு 10, தவறுக்கு கழித்தல் 5 என்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் சரியாக வந்தாலே முன்கூட்டி அழுத்துவது லாபம். சரிக்கு 10, தவறுக்கு கழித்தல் 10 என்றால் பாதிக்கு மேல் வர வேண்டும். தவறாகச் சொன்னால் பாட்டின் மிச்சத்தை அடுத்த அணிக்குப் போட்டுக்காட்டும் விதி இருந்தால் இன்னும் நிதானம் வேண்டும், நீங்கள் அவர்களுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

பெயர் வரவில்லை என்றால் முன்னிசையை மனத்துக்குள் ஓட்டிப் பல்லவிக்குப் போக முயல்வார்கள் பலர். 20 விநாடி முன்னிசை உள்ள பாட்டில் அது உருப்படாது. தமிழ்ப் பாட்டுக்குப் பல்லவியின் முதல் வார்த்தைதான் பெயர் என்பதால், தொடக்க ஓசையையும் முதல் இரண்டு வார்த்தைகளையும் நேரடியாக ஒட்டிப் பழக வேண்டும். படத்தின் பெயரைக் கேட்கும் சுற்றென்றால் ஓசையோடு படத்தின் பெயரை ஒட்டுங்கள். பாட்டு வழியாகச் சுற்றிப் போனால் ஒரு விநாடி வீண்.

பயிற்சித் துண்டுகள் தயாரிப்பது

துண்டு வெட்டும்போது நடக்கும் பெரிய பிழை, தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தையும் சேர்த்து ஒன்றரை விநாடி எண்ணிவிடுவது. சில கோப்புகளில் மௌனமே முக்கால் விநாடி இருக்கும். ffmpeg என்ற இலவச மென்பொருளில் மௌனத்தை நீக்கிவிட்டு வெட்டும் கட்டளை இது:

```
ffmpeg -i paattu.mp3 -af "silenceremove=start_periods=1:start_threshold=-50dB,asetpts=N/SR/TB" -t 1.5 thundu.wav
```

கேசட்டிலிருந்து எடுத்த பழைய பாட்டில் இரைச்சலே ஒலியாகக் கணக்கிடப்பட்டு மௌனம் நீங்காமல் போகலாம். அப்போது `-50dB` என்பதை `-40dB` ஆக்குங்கள். அதற்கும் மேலே போனால் மெதுவாக எழும் முன்னிசையின் தலையே வெட்டுப்படும். வெட்டியபின் காது கொடுத்துச் சரிபார்த்தாக வேண்டும். வெளியீடு வேவ் கோப்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு. எம்பி3யாக மாற்றும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும்.

முதல் வாரத்துக்கு 20 பாட்டுப் போதும். கோப்புகளுக்குப் பாட்டின் பெயர் வைக்காமல் எண்களை வையுங்கள், விடைத்தாள் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைத்துப் போட வேண்டும். ஒரே வரிசையில் கேட்டால் ஏழாவதுக்குப் பிறகு எட்டாவது என்று வரிசைதான் மனப்பாடமாகும், பாட்டு ஆகாது. 20க்கு 18 சரியாக வந்ததும் `-t` மதிப்பை 1.0க்கும் பிறகு 0.5க்கும் குறையுங்கள். தொடர்ந்து தவறும் பாட்டை மட்டும் எடுத்து, எதனோடு குழம்புகிறதோ அந்தப் பாட்டோடு ஜோடி சேர்த்து, மேலே சொன்ன கிட்டார் முறையில் பிரியுங்கள். புதிதாக 20 சேர்க்கும்போது பழைய 20ஐ விட்டுவிடக் கூடாது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று தள்ளித் தள்ளிக் கலந்து வையுங்கள்.

பட்டியலைத் தேர்ந்தெடுப்பதில் ஆசையைவிட கணக்கு முக்கியம். வினா தயாரிப்பவரின் வயதைப் பாருங்கள். அவர் பள்ளி, கல்லூரி படித்த ஆண்டுகளின் பாடல்கள் சுற்றில் அதிகம் இருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டாகவும், முன்னிசையில் குரல் சீக்கிரம் வராததாகவும் பார்த்துத்தான் எடுப்பார். அரிதான பாட்டைப் போட்டால் அரங்கம் அமைதியாகிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

அரங்கில் நடக்கும் இடைஞ்சல்

ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் கவனம். மின்சாரத்தை மிச்சப்படுத்த மௌனத்தில் தூங்கிவிடும் ஸ்பீக்கர்கள் பல. ஒலி வந்ததும் விழித்து, தொடக்கத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். அப்போது காணாமல் போவது, கருவியை அடையாளம் காட்டும் அதே தொடக்க நுனி. எல்லாத் துண்டும் நடுவில் தொடங்குவதுபோல் இருந்தால், முதல் கேள்விக்குப் பிறகே கையை உயர்த்தி ஒயர் போடச் சொல்லுங்கள். ஒயர் இல்லை என்றால், ஒவ்வொரு துண்டுக்கும் முன் ஒரு நீண்ட பீப் ஒலியைப் போட்டு அது ஓய்ந்த கையோடு துண்டைத் தொடங்கினாலும் ஸ்பீக்கர் விழித்திருக்கும்.

இரண்டாவது இடைஞ்சல் அணிக்குள்ளேயே உண்டு. ஒருவர் வாயைத் திறந்து முனகத் தொடங்கினால் மற்றவரின் காதிலிருக்கும் அசல் ஓசை அழிந்துவிடும். முனகல் மெட்டை மட்டும் தரும், பதிவின் ஓசையைத் தராது. பஸ்ஸரை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, பெயர் வந்தவர் பேசும் வரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதே முறை. காலத்தை வைத்துப் பங்கு பிரித்துக்கொள்வதும் உதவும். எண்பதுகள் ஒருவருக்கு, தொண்ணூறுகள் இன்னொருவருக்கு என்று இருந்தால், இரைச்சலோ ஆழமான பேஸோ கேட்டதும் யார் தேட வேண்டும் என்பது பேசாமலே தெரிந்துவிடும்.